படத்தில் வந்த வாஷ்கேர் லேபிள்

சட்டையின் இடப்பக்க உள்தையலில் தொங்கும் வெள்ளைச் சீட்டைத் திருப்பூரில் வாஷ்கேர் லேபிள் என்பார்கள். கழுத்துக்குப் பின்னால் இருக்கும் மெயின் லேபிளும் சைஸ் லேபிளும் வாங்குகிறவருக்காகத் தைக்கப்படுபவை. உள்ளே மறைந்திருக்கும் இந்தச் சீட்டு துவைக்கிறவருக்கானது. இப்போது துவைக்கிறவர் கையில் துணி இருப்பதற்கு முன்பே சீட்டின் படம் போனில் வந்துவிடுகிறது. விடுதியிலிருந்து மகள் அம்மாவுக்கு அனுப்புகிறாள். பழைய துணி விற்பவர் வாங்குபவருக்கு அனுப்புகிறார். வாடிக்கையாளர் சலவைக் கடைக்கு அனுப்பி, 'இதை என்ன செய்யலாம்?' என்று கேட்கிறார். கையில் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் சீட்டு, படமாக வரும்போது பாதி ஊகமாகிவிடுகிறது. அப்படி வந்த படத்திலிருந்து எவ்வளவை உறுதியாகப் படிக்கலாம், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில் சீட்டு ஏன் இந்த வடிவத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது படிக்க உதவும். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் துணியில் என்ன இழை, எத்தனை சதவீதம் என்று எழுதியே ஆக வேண்டும். 2011ஆம் ஆண்டின் 1007ஆம் எண் ஒழுங்குமுறை அதைச் சொல்கிறது. அதுவும் விற்கும் நாட்டின் ஆட்சிமொழியில் எழுத வேண்டும். ஒரே சட்டை பத்துப் பதினைந்து நாடுகளுக்குப் போகிறதென்றால், இழையின் பெயரை அத்தனை மொழியிலும் அடித்தாக வேண்டும். சீட்டு நாடாவைப் போல நீண்டு, மடிந்து, சில சமயம் நான்கைந்து பக்கப் புத்தகமாகவே ஆகிவிடுவது இதனால்தான். ஆனால் எப்படித் துவைப்பது என்று சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் ஒன்றிய அளவில் இல்லை. அந்த வேலையை மொழி தேவைப்படாத ஐந்து குறிகள் செய்கின்றன. 1963இல் பாரிஸில் தொடங்கப்பட்ட ஜினெடெக்ஸ் என்ற அமைப்பு இந்தக் குறிகளை வளர்த்து வணிகச் சின்னமாகப் பதிவு செய்து வைத்திருக்கிறது. பன்னாட்டுத் தர அமைப்பின் 3758ஆம் எண் தரம் 1991இலிருந்து அதே குறிகளை விளக்குகிறது.

ஆக, சீட்டில் மூன்று சாட்சிகள் இருக்கின்றன: பல மொழிகளில் இழையின் பெயரும் சதவீதமும், ஒரு வரிசைக் குறிகள், குறிகளால் சொல்ல முடியாததைச் சொல்லும் சில குறுவாக்கியங்கள். மூன்றும் ஒரே துணியைப் பற்றியே பேசுகின்றன. படத்தில் ஒன்று மங்கினாலும் மற்ற இரண்டும் அதைத் திருத்தும். குறிகளைத் தனித்தனிப் படங்களாகப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் பொருள் தேடுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். என் பார்வையில் பெரும்பாலான தவறுகள் தொடங்குவது இங்கேதான்.

குறிகளுக்கு ஒரு வரிசை உண்டு. இன்றைய தரப்படி முதலில் தண்ணீர்த் தொட்டி, அடுத்து வெளுப்பதற்கான முக்கோணம், பிறகு உலர்த்துவதற்கான சதுரம், நான்காவது இஸ்திரிப் பெட்டி, கடைசியாகச் சலவைக் கடைக்கான வட்டம். பழைய துணிகளில் இஸ்திரிப் பெட்டி மூன்றாவதாகவும் உலர்த்தும் சதுரம் கடைசியிலும் இருப்பதைப் பார்க்கலாம். ஆனாலும் தொட்டி முதலிலும் முக்கோணம் இரண்டாவதாகவும் வருவது மாறுவதில்லை. எனவே படத்தில் ஒரு குறி முழுதாக மங்கிப்போனாலும், அது எந்த வேலையைப் பற்றியது என்பது அதன் இடத்தைக் கொண்டே தெரிந்துவிடும்.

இன்னொரு விதி இதைவிட முக்கியமானது. ஒவ்வொரு குறியும் துணி தாங்கக்கூடிய மேல் எல்லையைச் சொல்கிறது. தொட்டிக்குள் 40 என்றால், 40 டிகிரி வரை தாங்கும் என்று பொருள். 40இல்தான் துவைக்க வேண்டும் என்ற கட்டளை அதில் இல்லை. 20இல் துவைத்தாலும் துணிக்கு ஒன்றும் ஆகாது, அழுக்குதான் கொஞ்சம் மிஞ்சும். இஸ்திரிப் பெட்டிக்குள் இருக்கும் புள்ளிகளும் இப்படியே: ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 110 டிகிரி, இரண்டுக்கு 150, மூன்றுக்கு 200. உலர்த்தும் எந்திரத்தில் ஒரு புள்ளி 60 டிகிரி, இரண்டு புள்ளி 80. தொட்டியின் அடியில் போடும் கோடு அசைவைக் குறைக்கச் சொல்கிறது. ஒரு கோடு மெதுவான சுழற்சி; இரண்டு கோடு மிக மெதுவான சுழற்சி. தோய்க்கும் கல்லில் அடித்துத் துவைக்கிறவர்களுக்கு இந்தக் கோடு எண்ணைவிட அதிகம் சொல்கிறது. நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் 30 டிகிரியை ஒட்டியே இருப்பதால் எண்ணை மீறுவது அரிது. மதிய வெயிலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நேரே வரும் தண்ணீர்தான் விதிவிலக்கு. கோட்டை மீறுவதோ தினமும் நடக்கிறது.

இனி படத்துக்கு வருவோம். சிக்கலின் அளவு கணக்கில் தெரியும். சீட்டில் ஒரு குறியின் உயரம் ஐந்து மில்லிமீட்டர் என்றும், அதன் அடிக்கோட்டின் தடிமன் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, 0.3 என்றும் வைத்துக்கொள்வோம். முழுச் சட்டையையும் சீட்டோடு சேர்த்து ஒரே படமாக எடுத்தால் 70 சென்டிமீட்டர் அகலம் அந்தப் படத்துக்குள் வருகிறது. அனுப்பும்போது சுருங்கி அகலம் 1600 படப்புள்ளிகள் ஆகிவிட்டால், ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டே கால் புள்ளிதான் கிடைக்கும். குறி முழுவதும் பதினொரு புள்ளி உயரத்தில் அடங்கிவிடும். கோட்டுக்கு ஒரு முழுப் புள்ளிகூடத் தேறாது. பக்கத்து வெள்ளையோடு கலந்து சாம்பல் நிறச் சாயலாகி மறைந்துவிடும். அதே 1600 புள்ளிகளை ஆறு சென்டிமீட்டர் அகலத்துக்குச் செலவிட்டால் ஒரு மில்லிமீட்டருக்கு இருபத்தாறு புள்ளி கிடைக்கிறது. கோடு ஏழெட்டுப் புள்ளித் தடிமனோடு தெளிவாக நிற்கும். ஆக, தூரத்திலிருந்து எடுத்த படத்தில் 'கோடு இல்லை' என்று யாரும் சொல்லக் கூடாது. 'கோடு தெரியவில்லை' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இரண்டும் வேறு வேறு முடிவுக்குக் கொண்டுபோகும்.

கோடு காணாமல் போவது ஒரு பக்கம். இல்லாத கோடு முளைப்பது இன்னொரு பக்கம். சாட்டின் நாடாவில் அடித்த சீட்டு துவைக்கத் துவைக்க மடிப்பு விழும். அந்த மடிப்பின் நிழல் தொட்டிக்கு அடியில் விழுந்தால் அசல் கோடு போலவே இருக்கும். இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. அசல் கோடு தொட்டியின் அகலத்தை ஒட்டி, அதன் அடிக்கு இணையாகத் தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். மடிப்பின் நிழல் அங்கே நிற்காமல் பக்கத்து முக்கோணத்துக்குக் கீழேயும், சில சமயம் சீட்டின் ஓரம் வரைக்கும் ஓடும். சீட்டு மெல்லியதாக இருந்தால் பின்பக்க எழுத்தும் ஊடுருவித் தெரியும். கண்ணாடியில் பார்ப்பது போல அது இடம் வலம் மாறியிருக்கும். குறிகளின் மேல் இப்படி இடம் வலம் மாறிய எழுத்தின் சாயல் தெரிகிற படத்தில் எந்தக் கோட்டையும் நம்ப முடியாது.

பெருக்கல் குறியிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஒரு குறியின் மேல் பெருக்கல் இருந்தால் அந்த வேலையைச் செய்யவே கூடாது. முக்கோணத்துக்குள் இரண்டு சாய்கோடுகள் இருந்தால் பொருள் வேறு. குளோரின் கலந்த பிளீச்சிங் பவுடர் ஆகாது, ஆக்சிஜன் வகை வெளுப்பான் ஆகலாம். வெறும் முக்கோணம் என்றால் எதுவும் ஆகலாம். சிறிய படத்தில் பெருக்கலும் சாய்கோடுகளும் ஒன்றுபோலக் கருகித் தெரியும். பார்க்க வேண்டியது கோடுகள் எங்கே முடிகின்றன என்பதை. சாய்கோடுகள் இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்து முக்கோணத்துக்குள்ளேயே அடங்கும். பெருக்கலின் கைகள் எதிரெதிரே சாய்ந்து முக்கோணத்தின் ஓரத்தைத் தாண்டி வெளியே நீளும். நடுப்பகுதி கருகிப் போனாலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகள் பெரும்பாலும் தப்பிவிடும்.

வட்டத்தையும் சதுரத்தையும் குழப்பிக்கொள்வது மூன்றாவது தவறு. செலவு வைக்கும் தவறும் இதுதான். சதுரத்துக்குள் வட்டம் இருந்தால் அது உலர்த்தும் எந்திரம். தனியாக வட்டம் மட்டும் இருந்தால் உலர்சலவை. சதுரத்தின் மெல்லிய வெளிக்கோடு மங்கிவிட்டால் மிஞ்சும் வட்டத்தைப் பார்த்து, 'டிரை கிளீனிங் கொடுக்கச் சொல்கிறது' என்று கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. வட்டத்தின் உள்ளே பாருங்கள். சலவைக் கடைக்கான வட்டத்துக்குள் பி, எஃப், டபிள்யூ என ஏதோவோர் ஆங்கில எழுத்து இருக்கும். இல்லையென்றால் பெருக்கல் இருக்கும். எந்திர உலர்த்தலின் வட்டத்துக்குள் எழுத்து வராது, புள்ளிகள் மட்டுமே வரும்.

எண்களைப் பொறுத்தவரை நமக்கு ஒரு வசதி இருக்கிறது. தொட்டிக்குள் எந்த எண்ணும் வந்துவிட முடியாது. 30, 40, 50, 60, 70, 95 ஆகிய ஆறுக்குள்தான் வரும். எனவே மங்கிய படத்தில் 80 போலத் தெரிவது 80 ஆக இருக்க முடியாது. அது 30 அல்லது 60. இன்னொரு பூட்டும் உண்டு: அடியில் இரண்டு கோடு இருந்தால் எண் 30 அல்லது 40 மட்டுமே. 60க்குக் கீழே ஒரு கோடு வரலாம், இரண்டு வராது. எனவே கோடுகளை எண்ண முடிந்தால் எண்ணைப் பற்றிய சந்தேகமும் தீர்ந்துவிடக்கூடும். மிகப் பழைய கம்பளி உடைகளில் ஒற்றைக் கோடு நடுவில் அறுந்து விட்டுவிட்டு இருக்கும். இன்றைய இரட்டைக் கோட்டின் பொருளை அந்தக் காலத்தில் அதுதான் தந்தது. மை உதிர்ந்து அறுந்த கோடும் அப்படியே தெரியும் என்பதால், அறுந்த கோட்டைக் கண்டால் மிக மெதுவான சுழற்சி என்றே எடுத்துக்கொள்வது நல்லது.

இப்போது எழுத்துகள். சீட்டிலுள்ள குறுவாக்கியங்கள் குறிகளின் மொழிபெயர்ப்பு என்று பலர் நினைத்து அவற்றைப் படிக்காமல் விடுகிறார்கள். குறிகளால் சொல்ல முடியாததையே அவை சொல்கின்றன. உள்பக்கம் வெளியே திருப்பித் துவைக்கவும், ஒத்த நிறத் துணிகளோடு துவைக்கவும், ஊற வைக்காதே, ஈரமாக இருக்கும்போதே வடிவத்துக்கு இழுத்துவிடு, பிரிண்ட் மேல் இஸ்திரி போடாதே. இவை எதற்கும் குறி கிடையாது. இஸ்திரிப் பெட்டிக்குள் இரண்டு புள்ளியைப் பார்த்துத் துணிந்து பெட்டியை வைக்கிறோம். பிரிண்ட் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. குறியில் பிழை இல்லை. விதிவிலக்கு ஒரு வரியில் எழுதப்பட்டிருந்தது. அதை யாரும் படிக்கவில்லை.

பல மொழிகள் இருப்பது சுமை போலத் தோன்றினாலும், படத்தைப் படிக்கிறவருக்கு அது பெரிய உதவி. எல்லா மொழிகளையும் அறிந்திருக்க வேண்டியதில்லை. சதவீத எண்களைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். 95, 5 என்ற ஜோடி எந்தெந்த வரியில் திரும்ப வருகிறதோ அவையெல்லாம் ஒரே செய்தியின் வெவ்வேறு மொழி வடிவங்கள். ஒரு வரி மங்கினால் அடுத்த வரியில் பார்த்துக்கொள்ளலாம். பிரெஞ்சில் கொத்தோன், இத்தாலியனில் கொத்தோனே, ஸ்பானியத்தில் அல்கொதோன், டச்சில் கட்டூன் என எல்லாமே பருத்திதான். ஒன்றை அறிந்தால் மற்றவையும் பிடிபட்டுவிடும்.

ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஜெர்மனில் பருத்தி பௌம்வொல்லே, கம்பளி வொல்லே. ஸ்வீடிஷில் பருத்தி பூமுல், கம்பளி உல். ஃபின்னிஷில் பருத்தி பூவில்லா, கம்பளி வில்லா. போலிஷிலும் இதே நிலைதான்: பருத்தியின் பெயருக்குள்ளேயே கம்பளியின் பெயர் முழுதாக இருக்கிறது. வரியின் தொடக்கம் தையலுக்குள் போய்விட்டாலோ மடிப்பில் மறைந்தாலோ, மிஞ்சும் பாதி கம்பளி என்றே படிக்கப்படும். நான்கு மொழிகள் ஒன்றுசேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லும். நான்கு சாட்சி இருப்பதால் நாமும் நம்பிவிடுவோம். அதனால் கம்பளி என்று முடிவு கட்டும் முன், பிரெஞ்சு, ஸ்பானியம், இத்தாலியன் ஆகிய மூன்றில் ஒன்றையாவது தேடிப் பார்க்க வேண்டும். இவற்றில் கம்பளிக்கும் பருத்திக்கும் எழுத்தளவில் ஒற்றுமையே இல்லை.

மறுப்புச் சொல்லும் இதே போலத் தொலைந்துபோகும். பிரெஞ்சில் 'ந பா', ஜெர்மனில் 'நிஷ்ட்', ஸ்பானியத்தில் 'நோ', இத்தாலியனில் 'நோன்', ஃபின்னிஷில் 'ஏய்' என்று மறுப்பு சின்னச் சொல்லாக, பெரும்பாலும் வாக்கியத்தின் தலையில் நிற்கும். சீட்டின் ஓரம் வெட்டுப்பட்டால் முதலில் போவது அதுதான். 'இஸ்திரி போடாதே' என்ற வரி 'இஸ்திரி போடு' என்று எதிர்ப்பொருளில் மிஞ்சும். இழைப்பெயர் போனால் பக்கத்தில் சதவீதமாவது இருக்கும். மறுப்புச் சொல் போனால் அதன் தடயமே இருக்காது. ஒரே அறிவுரை ஒரு மொழியில் மறுப்போடும் இன்னொரு மொழியில் மறுப்பில்லாமலும் தெரிந்தால், மறுப்போடு இருப்பதையே எடுத்துக்கொள்ள வேண்டும். சொல் தானாக முளைக்காது, வெட்டுப்பட்டுத்தான் போகும்.

ஒரு படத்தை முழுதாகப் படித்துப் பார்ப்போம். கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கும் என் அக்கா மகள், திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடையில் சாம்பல் நிற மேல்சட்டை ஒன்று வாங்கியிருந்தாள். முன்பக்கம் பெரிய பிரிண்ட். சீட்டைப் படமெடுத்து அனுப்பி, "மாமா, இது கம்பளி போல இருக்கு. டிரை கிளீனிங்தான் கொடுக்கணுமா? ஹாஸ்டல் மிஷின்ல போடக் கூடாதா?" என்று கேட்டிருந்தாள். கையில் சட்டையைப் பிடித்தபடி ஒற்றைக் கையால் எடுத்த படம். ஃபிளாஷ் வெளிச்சம் சாட்டினில் பட்டு நடுவில் வெள்ளையாகப் பூத்திருந்தது. சீட்டின் இடது ஓரம் தையலை நோக்கி மடிந்திருந்தது.

அவள் கம்பளி என்று நினைத்ததற்குக் காரணம் அந்த இடது ஓரம்தான். தெரிந்த வரிகளில் '…வொல்லே 95%', '…வில்லா 95%' என்றிருந்தன. இரண்டிலும் தலைப்பகுதி மடிப்புக்குள் போயிருந்தது. கீழே இன்னொரு வரியில் '…கொதோன் 95%' என்று பாதிச் சொல் தெரிந்தது. அது ஸ்பானியப் பருத்தியின் வால். ஸ்பானியத்தில் கம்பளி லானா; அதன் வால் இப்படி முடிய வழியே இல்லை. ஒரே வரி மற்ற இரண்டையும் மாற்றிவிட்டது: 95 சதவீதம் பருத்தி, 5 சதவீதம் எலாஸ்டேன், அதாவது இழுத்தால் நீளும் பனியன் துணி.

குறிகளில் தொட்டி எண் 30 போலவும் 80 போலவும் இருந்தது. 80 கிடையாது, மிஞ்சுவது 30, 60. தொட்டிக்கு அடியில் ஒரு மங்கல் கோடு. முக்கோணத்தின் மேல் பெருக்கல், நுனிகள் வெளியே நீண்டிருந்ததால் அதில் சந்தேகம் இல்லை. சதுரமும் வட்டமும் பெருக்கலோடு தெளிவாக இருந்தன, ஆக எந்திர உலர்த்தல் கூடாது. இஸ்திரிப் பெட்டிக்குள் ஒரு கறுப்புத் திட்டு. கடைசி வட்டம் ஃபிளாஷ் வெளிச்சத்தில் அழிந்துபோயிருந்தது.

"இன்னொரு படம் எடும்மா. சட்டையை மேசையில் வை. சீட்டை இரண்டு விரலால் இழுத்துப் பிடி. ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் ஓரமாக எடு. பின்பக்கத்தையும் எடு" என்று சொன்னேன். சீட்டுக்கு அடியில் ஒரு கறுப்புத் தாளை வைக்கச் சொன்னேன். அப்படி வைத்தால் பின்பக்க எழுத்தின் ஊடுருவல் வெகுவாகக் குறையும். போனை மிக நெருக்கமாகக் கொண்டுபோனால் கேமராவுக்குக் குவியம் கிடைக்காது. ஒரு சாண் தள்ளி வைத்து இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுக்க வேண்டும். அனுப்பும்போது படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்பினால் சுருங்காமல் வரும்.

இரண்டாவது படத்தில் எண்ணின் இடப்பக்கம் திறந்திருந்தது. 6க்கு இடப்பக்கம் மூடியிருக்கும், எனவே 30. அடிக்கோடு தொட்டியோடு முடிந்தது, முக்கோணத்தின் கீழ் நீளவில்லை. ஆக, அசல் கோடு. இஸ்திரித் திட்டு இப்போதும் முழுதாகப் பிரியவில்லை. ஆனால் அதன் வடிவம் பேசியது. ஒற்றைப் புள்ளி பெட்டியின் நடுவில் உருண்டையாக நிற்கும். இது குறுக்கே நீண்டு, நடுவில் லேசாகச் சிறுத்திருந்தது. இரண்டு புள்ளிகள் ஒட்டிக்கொண்டால் இப்படித்தான் ஆகும். பருத்தி மட்டும் என்றால் மூன்று புள்ளி வந்திருக்கலாம். எலாஸ்டேன் கலந்தால் சூடு குறையும், இரண்டு புள்ளி அதோடு பொருந்துகிறது. பின்பக்கத்தில் ஜெர்மன் வரி 'ட்ருக்' என்று தொடங்கி 'நிஷ்ட்' ஓரத்தில் பாதி மறைந்து நின்றது. அதன் கீழே பிரெஞ்சு வரியில் 'ந பா' முழுதாக இருந்தது. பிரிண்ட் மேல் இஸ்திரி கூடாது.

பதில் இப்படி அமைந்தது: உள்பக்கம் வெளியே திருப்பு, சாதாரணத் தண்ணீரில் மிஷினின் மெதுவான சுழற்சியில் போடு, மிஷினை நிறைத்து அடைக்காதே. கொடியில் காயப்போடு, டிரையர் வேண்டாம். பிளீச்சிங் பவுடர் பக்கத்திலேயே வரக் கூடாது. குளோரின் எலாஸ்டேனைக் கெடுத்துவிடும், சட்டை தொளதொளத்துப் போகும். இஸ்திரி போடுவதென்றால் பிரிண்ட்டைத் தவிர்த்து, நடுத்தரச் சூட்டில். கடைசி வட்டம் இரண்டாவது படத்திலும் தெளியவில்லை, ஆனால் வீட்டிலேயே துவைக்க முடிகிற துணிக்கு அது தேவைப்படவும் இல்லை.

இஸ்திரித் திட்டு பிரியாமலே இருந்திருந்தால் ஒரு புள்ளி என்று எடுத்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன். சுருக்கம் முழுதாகப் போகாது. துணி மட்டும் பிழைத்துவிடும். குறிகள் மேல் எல்லையைச் சொல்வதால் கிடைக்கும் வசதி இது. தெரு முனையில் கரிப்பெட்டியால் இஸ்திரி போடுகிறவரிடம் கொடுப்பதென்றால் இன்னும் கவனம் வேண்டும். கரிப்பெட்டியில் சூட்டை நிறுத்தி வைக்கும் திருகு கிடையாது. புள்ளியின் எண்ணிக்கையை வாயால் சொல்லிக் கொடுத்தால் அவர் வேண்டிய அளவு ஆற வைத்துப் போடுவார். சொல்லாவிட்டால் பருத்தி வேட்டிக்கு வைத்த சூட்டிலேயே இதையும் போட்டுவிடுவார்.

சந்தேகம் வந்தால் மென்மையான பக்கம் சாய்வது என்ற இந்த வழி தொட்டி, முக்கோணம், இஸ்திரி, எந்திர உலர்த்தல் நான்குக்கும் பொருந்தும். இவை நான்கும் ஏணிப்படி போல மேலிருந்து கீழே இறங்குபவை. கொடியில் உலர்த்துவதற்கான குறிகள் அப்படி இல்லை. சதுரத்துக்குள் நெடுங்கோடு ஒன்று இருந்தால் கொடியில் தொங்கவிடு, இரண்டு இருந்தால் பிழியாமல் சொட்டச் சொட்டத் தொங்கவிடு. படுக்கைக் கோடு இருந்தால் தரையிலோ பாயிலோ விரித்து உலர்த்து. மேல் இடது மூலையில் சாய்கோடு இருந்தால் நிழலில். நெடுங்கோடா படுக்கைக் கோடா என்று தெரியாதபோது இழையையும் நெசவையும் கேட்க வேண்டும். கம்பளிப் பின்னலாடை ஈரத்தின் எடையில் நீண்டுவிடும், அதை விரித்துத்தான் உலர்த்த வேண்டும். நெய்த துணி தொங்கினால் ஒன்றும் ஆகாது. மூலைச் சாய்கோடு மிக எளிதில் மறையும் குறி. நம் வெயிலில் அதைக் கவனிக்காமல் விட்டால் ஒரு கோடைக்குள் நிறம் வெளிறிவிடும், எனவே அழுத்தமான நிறமுள்ள துணி என்றால் சாய்கோடு தெரியாவிட்டாலும் நிழலில் போடுங்கள்.

சீட்டு எந்தச் சந்தைக்காக அடிக்கப்பட்டது என்பதும் பொருளை மாற்றும். அமெரிக்காவில் துவைப்பு அறிவுரை எழுதுவது கட்டாயம். அங்கே 1971இல் வந்த விதி அது. வெறும் சொற்களாகவே எழுதலாம். 1997இலிருந்து சொற்களுக்குப் பதிலாகக் குறிகளும் போடலாம். அவர்களுடைய குறிகளில் தொட்டிக்குள் எண்ணுக்குப் பதில் புள்ளிகள் இருக்கலாம்: ஒன்று 30, இரண்டு 40, மூன்று 50 என்று ஏறி ஆறு புள்ளிக்கு 95. ஐரோப்பியச் சீட்டுக்குப் பழகிய கண் தொட்டிக்குள் புள்ளியைப் பார்த்தால் அழுக்குக் கறை என்று விட்டுவிடும். இன்னொரு வேறுபாடு ஆழமானது. அமெரிக்க விதிப்படி பாதுகாப்பான ஒரு வழியைச் சொன்னால் போதும். எனவே அங்கே 'உலர்சலவை செய்யவும்' என்று மட்டும் எழுதியிருந்தால், தண்ணீரில் துவைத்தால் கெட்டுவிடும் என்று அதற்குப் பொருள் இல்லை. 'மட்டும்' என்ற சொல்லும் சேர்ந்திருந்தால் அது வேறு கதை. அதேபோல, வெளுப்பானைப் பற்றி ஒன்றுமே எழுதாவிட்டால் எந்த வெளுப்பானும் தீங்கு செய்யாது என்று பொருள். எழுத்து படத்தில் விடுபட்டதா, சீட்டிலேயே இல்லையா என்று உறுதி செய்யாமல் இந்த மௌனத்தை அனுமதியாக எடுத்துக்கொள்வது ஆபத்து. சீட்டின் எல்லாப் பக்கங்களும் படத்தில் வந்தால்தான் மௌனத்துக்குப் பொருள் உண்டு.

ஜப்பானில் 2016 டிசம்பர் வரை வேறு குறிகள் இருந்தன. துவைக்கும் எந்திரத்தின் உருவம், சட்டை வடிவம், இஸ்திரிப் பெட்டிக்குள் சூட்டைச் சொல்லும் ஜப்பானிய எழுத்து என்று போகும் அவற்றைப் பன்னாட்டுக் குறிகளின் பழுதான அச்சாக எண்ணிவிடக் கூடாது. அதற்குப் பிறகு அவர்களும் பன்னாட்டுக் குறிகளுக்கு மாறிவிட்டார்கள்.

சாட்சிகள் மூன்றும் தெளிவாகத் தெரிந்தும் ஒன்றோடொன்று முரண்படும் சீட்டுகளும் உண்டு. தொட்டியில் கை இருக்கிறது. கீழே மிஷினில் துவைக்கலாம் என்று எழுதியிருக்கிறது. கம்பளி என்று போட்டுவிட்டு வெறும் முக்கோணத்தை அச்சிட்டிருக்கிறது. கம்பளி குளோரினில் கரைந்தே போகும், எனவே அந்த முக்கோணம் சரியாக இருக்கவே முடியாது. வேறு ஆர்டருக்கு அடித்த சீட்டு மாறித் தைக்கப்பட்டால் இப்படி நேரும். இத்தகைய இடத்தில் குறியையும் வாக்கியத்தையும் விட இழையின் பெயருக்கே நான் முதலிடம் தருவேன், அதையும் துணியைத் தொட்டுப் பார்த்து ஒப்பிட்ட பிறகு. அதே சமயம், இழை தாங்கும் என்பதற்காகக் குறியை மீறக் கூடாது. பருத்திச் சட்டைக்கு 30 என்று போட்டிருந்தால் காரணம் பருத்தியாக இருக்காது. பிரிண்ட்டோ, சாயமோ, பட்டனோ, ஓரத்தில் தைத்த லேஸோ அதைத் தாங்காது. சீட்டு சொல்வது சட்டையில் மிகவும் பலவீனமான பகுதியின் எல்லையை.

படத்தை வைத்து முடிவு கட்டவே கூடாத இடம் கடைசி வட்டத்தின் எழுத்து. பி என்றால் பெர்குளோரோஎதிலீன் உட்பட வழக்கமான கரைப்பான்களில் சலவை செய்யலாம். எஃப் என்றால் மென்மையான ஹைட்ரோகார்பன் கரைப்பான் மட்டும். டபிள்யூ என்றால் கரைப்பானே கிடையாது, தேர்ந்தவர் தண்ணீரில் செய்யும் சலவை. மங்கிய படத்தில் பியும் எஃப்பும் ஒரே எழுத்து போலத் தெரியும். இரண்டுக்கும் வேறுபாடு மேலே மூடிய ஒரு சிறு வளைவுதான். எஃப் என்று எடுத்துக்கொண்டால் மென்மையான பக்கம் சாய்கிறோம், சரி. ஆனால் அது டபிள்யூவாக இருந்தால் கரைப்பானில் போடுவதே தவறாகிவிடலாம். விலை உயர்ந்த கோட்டையோ பட்டு கலந்த மேலாடையையோ இந்த ஒரு எழுத்தின் ஊகத்தில் கடைக்கு அனுப்ப வேண்டாம். துணியை நேரில் எடுத்துக்கொண்டு போய், சீட்டைக் கவுண்டரில் விரித்துக் காட்டி, கடைக்காரரே படித்துச் சொன்ன பிறகு கொடுங்கள்.